நேர்காணலுக்குப் பின் பதில் வராதபோது: கெஞ்சாமலும் அதட்டாமலும் நினைவூட்டு மின்னஞ்சல் எழுதும் முறை

நேர்காணல் நன்றாகவே முடிந்தது, முடிவு சொல்வதாகக் கூறிய தேதியும் கடந்துவிட்டது, ஆனால் பதில் வரவில்லை. வேலை தேடுவோர் எழுதும் மின்னஞ்சல்களில் சொற்கள் தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தை நிதானமாக நான்கு முறை திருத்தி அனுப்புகிறவர்கள்கூட, இந்த நினைவூட்டு அஞ்சலை இரவு பதினொரு மணிக்கு, மனம் கலங்கிய நிலையில், ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட ஓர் அஞ்சலை எடுத்துக்கொண்டு, அதை வரிவரியாகச் சீர்படுத்திப் பார்ப்போம்.

எழுதியவர் தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தவர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4, செவ்வாய்க்கிழமை நேர்காணல் நடந்தது. மார்ச் 14, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரியும் என்று ஆட்சேர்ப்பாளர், அதாவது நாம் பேச்சில் ரெக்ரூட்டர் என்று சொல்பவர், கூறியிருந்தார். மார்ச் 18 வரை தகவல் இல்லாததால் விண்ணப்பதாரர் எழுதிய வரைவு இது:

> வணக்கம் ஐயா. தங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்கவும். தாங்கள் மிகுந்த வேலைப்பளுவில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மார்ச் 4 அன்று தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கான நேர்காணலில் கலந்துகொண்டேன். 14ஆம் தேதிக்குள் முடிவு சொல்வதாகக் கூறினீர்கள், ஆனால் இன்னும் எந்தப் பதிலும் வரவில்லை. எனக்கு இந்த வேலை மிக மிக அவசியம். ஆறு மாதமாக வேலையில்லாமல் இருக்கிறேன், குடும்பப் பொறுப்பு முழுவதும் என் மேல் இருக்கிறது. எந்தச் சம்பளமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயார். கருணை கூர்ந்து ஒரு வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். தேர்வாகவில்லை என்றால் குறைந்தபட்சம் காரணத்தையாவது சொல்லுங்கள். உடனடியாகப் பதில் அனுப்பவும். தவறாக ஏதேனும் எழுதியிருந்தால் மன்னிக்கவும். தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

இதில் மன்னிப்பு, கெஞ்சல், அதட்டல் ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. இவற்றைத் தனித்தனி மனிதர்களின் குறைகளாக நினைப்பது தவறு. மூன்றுக்கும் ஊற்று ஒன்றே: காத்திருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதனால் ஒரு வரியில் பணிந்து, அடுத்த வரியில் உரிமை கேட்டு, மறுபடியும் பயந்து பின்வாங்குகிறார். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

அஞ்சலைப் படிப்பவரால் என்ன செய்ய முடியும்

ஆட்சேர்ப்பாளர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்லர். விண்ணப்பங்களைத் திரட்டி, நேர்காணல்களை ஒழுங்குசெய்து, குழுவின் கருத்துகளை வாங்கி, முடிவை விண்ணப்பதாரருக்குச் சேர்ப்பது அவர் பணி. யாரை எடுப்பது என்று தீர்மானிப்பவர் அந்தக் குழுவின் மேலாளர். முகமை வழியாக வந்த ஆட்சேர்ப்பாளராக இருந்தால் அவர் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறார். நிறுவனம் சொன்னால்தான் அவருக்கே தெரியும்.

சொன்ன தேதி தவறிப்போவதற்கான காரணங்களும் பெரும்பாலும் சாதாரணமானவை. நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் விடுப்பில் இருப்பார், அவருடைய மதிப்பீடு வந்திருக்காது. அந்தப் பணியிடத்துக்கான நிதி ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். இன்னும் இருவரை நேர்காணல் செய்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று மேலாளர் நினைத்திருப்பார். அல்லது வேறொருவருக்குப் பணிவாய்ப்பை அளித்துவிட்டு, அவர் ஏற்கிறாரா என்று காத்திருப்பார்கள். இந்தக் கடைசிக் காரணத்தை எந்த ஆட்சேர்ப்பாளரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார். முதலாமவர் மறுத்தால் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கும் என்பதால், உங்களுக்கு மறுப்பும் அனுப்பமாட்டார். நீங்கள் அதை அலட்சியம் என்று எண்ணி ஒரு சூடான வரி எழுதினால், உங்கள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கும் நேரத்திலேயே அது போய்ச் சேரும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பதாரரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து, விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளில் அவருடைய பதிவோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. மேலாளருக்கும் அது அப்படியே அனுப்பப்படலாம். ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்வதாக நினைத்து எழுதும் வீட்டுக் கஷ்டத்தை, நாளை உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரும் படிக்க நேரிடலாம்.

முதல் படி: கேள்வியைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், ஒரு தாளில் இரண்டு வரிகள் எழுதுங்கள். எனக்கு என்ன தெரியவேண்டும் என்பது ஒன்று. அதற்கு அவர் என்ன செய்யவேண்டும் என்பது மற்றொன்று. நம் விண்ணப்பதாரருக்குத் தெரியவேண்டியவை, தேர்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அடுத்த தகவல் எப்போது வரும் என்பதும் மட்டுமே. ஆட்சேர்ப்பாளர் செய்யவேண்டியது, உள்ளே விசாரித்து இரண்டு வரியில் பதில் எழுதுவது.

இப்போது வரைவைத் திரும்பிப் பாருங்கள். அந்த இரண்டு கேள்விகளும் அதில் எங்குமே இல்லை. அதில் இருப்பவை வேலை கொடுங்கள் என்பதும், காரணம் சொல்லுங்கள் என்பதும், பதில் அனுப்புங்கள் என்பதும்தான். முதலாவது அவர் கையில் இல்லை. இரண்டாவதற்கு நேரம் இன்னும் வரவில்லை. மூன்றாவதைப் படித்தால் எதற்குப் பதில் என்பது விளங்கவில்லை. பணிவான நடை, துணிவான நடை என்று பேசுவதற்கு முன்பே, பதில் எழுத வசதியான கேள்வி ஒன்றை வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் படி: மன்னிப்பைச் சோதியுங்கள்

வரைவில் உள்ள ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் செய்த தவறு எது? சொன்ன தேதிக்கு நான்கு நாள் கழித்து, ஒரு முறை, முறையான வழியில் நிலவரம் கேட்பது தவறன்று. தவறே இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டால், படிப்பவர் மனத்தில் தவறு நடந்ததுபோன்ற எண்ணம்தான் உருவாகும். “தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்” என்று தொடங்கும் அஞ்சல், இனி வரப்போவது தொந்தரவு என்று தானே அறிவித்துவிடுகிறது.

நாம் இப்படி எழுதுவதற்குப் பள்ளியில் பழகிய விடுமுறை விண்ணப்பம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கீழிருந்து மேலே அனுப்பும் மனுவின் நடையைத்தான் நாம் முதலில் கற்றோம். “கீழ்ப்படிதலுள்ள”, “தாழ்மையுடன்”, “கருணை கூர்ந்து” ஆகியவை அந்த நடையின் சொற்கள். வேலை தொடர்பான கடிதம் அத்தகைய மனு அன்று. ஒரு பக்கத்தில் வேலை இருக்கிறது, மறுபக்கத்தில் அதைச் செய்யக்கூடியவர் இருக்கிறார், இருவரும் பொருத்தம் பார்க்கிறார்கள். அந்த உறவுக்கு வணக்கமும் நன்றியும் போதும்.

பெரும்பாலான இடங்களில் மன்னிப்பு இருந்த இடத்தில் நன்றியை வைத்தால் வாக்கியம் நிமிர்ந்துகொள்ளும். “தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும்” என்பதற்குப் பதிலாக “நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி” என்று எழுதலாம். “நிறையக் கேள்விகள் கேட்டதற்கு மன்னியுங்கள்” என்பதை “என் கேள்விகளுக்கு விரிவாகப் பதில் அளித்ததற்கு நன்றி” என்று மாற்றலாம். சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றே. முதல் வடிவில் எழுதுகிறவர் தன்னைக் குறைத்துக்கொள்கிறார், இரண்டாம் வடிவில் மற்றவர் செய்ததை மதிக்கிறார்.

உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் மன்னிப்பு வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை வேண்டும். தவறான கோப்பை இணைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள்: “முந்தைய அஞ்சலில் பழைய தன்விவரக் குறிப்பை இணைத்துவிட்டேன், மன்னிக்கவும். சரியான பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.” என்ன நடந்தது, வருத்தம், சரிசெய்த விதம் ஆகிய மூன்றும் இரண்டு வாக்கியங்களில் வந்துவிட்டன. மூன்று நாள் தாமதமாகப் பதில் எழுதினாலும் இதே அளவு போதும். தாமதத்தின் வரலாற்றை ஒரு பத்தி எழுதினால், அவர் படிக்கவேண்டிய செய்தி அதற்குக் கீழே புதைந்துபோகும். அஞ்சலின் முடிவில் “தவறாக ஏதேனும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்” என்று பொதுவாகக் கேட்கும் மன்னிப்பை எந்தச் சூழலிலும் வைக்கவேண்டாம். தவறு இருக்கிறதா என்று ஐயம் இருந்தால் மேலே போய்த் திருத்துவதுதான் வழி.

மூன்றாம் படி: கெஞ்சலுக்கு அடியில் இருக்கும் செய்தியை எடுங்கள்

கெஞ்சலை நீக்குவது மன்னிப்பை நீக்குவதைவிடக் கடினமானது. ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஆறு மாதமாக வேலை இல்லை என்பதும் குடும்பப் பொறுப்பு இருக்கிறது என்பதும் பொய்யல்ல. அவற்றைச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் ஆட்சேர்ப்பாளர் அந்தத் தகவலை வைத்து எதுவும் செய்ய முடியாது. மேலாளரிடம் போய் “இவருக்குத் தேவை அதிகம், இவரையே எடுங்கள்” என்று அவர் சொல்ல இயலாது. சொன்னாலும் அது தேர்வுக்கான அளவுகோல் ஆகாது. இரக்கம் கொண்ட மனிதராக இருந்தால், உதவ முடியாத சங்கடத்தில் பதில் எழுதுவதையே தள்ளிப்போடுவார். இரங்கவைக்க எழுதிய வரியே பதிலைத் தாமதப்படுத்திவிடும்.

அதனால் ஒவ்வொரு கெஞ்சல் வரிக்கும் அடியில் பயன்படக்கூடிய செய்தி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். “எனக்கு இந்த வேலை மிக மிக அவசியம்” என்பதன் அடியில் ஆர்வம் இருக்கிறது. அந்த ஆர்வத்தை வேலையோடு கட்டிச் சொல்லுங்கள்: “நேர்காணலில் பேசிய மாதாந்தர அறிக்கைகளைத் தானியங்கியாக்கும் பணியைச் செய்ய எனக்கு விருப்பம் தொடர்கிறது.” நேர்காணலில் உண்மையாகவே பேசப்பட்ட ஒரு பணியைக் குறிப்பிடுவதால், இது நூறு நிறுவனங்களுக்கு அனுப்பிய அஞ்சல் அன்று என்பதும் தானே தெரிந்துவிடும். “வேலையில்லாமல் இருக்கிறேன்” என்பதன் அடியில் இருக்கும் செய்தி, உடனே பணியில் சேர முடியும் என்பது. “தேர்வானால் ஒரு வாரத்தில் பணியில் சேர இயலும்” என்பது மேலாளருக்கும் கணக்கில் கொள்ளத்தக்க தகவல்.

“எந்தச் சம்பளமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயார்” என்ற வரியை மட்டும் மாற்றி எழுத முயலவேண்டாம், முழுவதுமாக எடுத்துவிடுங்கள். யாரும் கேட்காதபோதே உங்கள் விலையை நீங்களே கீழே இறக்கிவிடுகிறீர்கள். பின்னால் சம்பளம் பேசும் நாள் வரும்போது, இந்த வரி பதிவில் இருக்கும். சம்பளத்தைப் பற்றி எழுத்தில் கேட்டால் ஒரு வரம்பைச் சொல்லலாம், அல்லது பணியின் முழுப் பொறுப்பும் தெரிந்த பின் பேசலாம் எனலாம்.

“ஒரு வாய்ப்புக் கொடுங்கள்” என்பதும் அப்படித்தான். நேர்காணல் முடிந்த பிறகு வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மறுபடியும் வாய்ப்புக் கேட்டால், நேர்காணலில் சரியாகச் செய்யவில்லை என்று விண்ணப்பதாரரே கருதுகிறார் என்றுதான் படிப்பவர் எண்ணுவார்.

நான்காம் படி: அதட்டல் ஒளிந்திருக்கும் சிறு சொற்கள்

யாரும் வேண்டுமென்று ஆட்சேர்ப்பாளரை அதட்டுவதில்லை. அதட்டல் சிறு சொற்களிலும் வினைமுடிவிலும் நாம் அறியாமலே நுழைந்துவிடுகிறது. தமிழில் எழுதுவோர் இதில் தனிக் கவனம் கொள்ளவேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் “அனுப்பவும்”, “தெரிவிக்கவும்” என்று முடியும் வினைகள். எழுதுகிறவருக்கு இவை மரியாதையாகத் தோன்றும். ஆனால் “வரிசையில் நிற்கவும்”, “கதவை மூடவும்” என்று அறிவிப்புப் பலகைகளில் நாம் படிப்பது இதே முடிவைத்தான். முன்னால் “தயவுசெய்து” சேர்த்தாலும் பலகை வாசனை முழுவதும் போவதில்லை. “தெரிவிக்க இயலுமா?” என்றோ “தெரிவித்தால் உதவியாக இருக்கும்” என்றோ எழுதும்போது, செய்வதும் செய்யாதிருப்பதும் அவர் கையில் இருக்கிறது என்பது ஒலிக்கிறது. கேள்வியாகக் கேட்பதால் பதில் எழுதவும் அது எளிது.

அடுத்தது “இன்னும்”. “இன்னும் எந்தப் பதிலும் வரவில்லை” என்ற வாக்கியத்தில் “இன்னும்” என்ற ஒரு சொல்லே நிலவரத்தைப் புகாராக மாற்றிவிடுகிறது. “எந்தப் பதிலும்” அதைக் கூர்மையாக்குகிறது. “குறைந்தபட்சம் காரணத்தையாவது” என்பதில் இரண்டு முறை குத்தல் இருக்கிறது, “குறைந்தபட்சம்” ஒன்று, “ஆவது” மற்றொன்று. “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்பதில் உள்ள “தானே”, “ஏன் தாமதம்” என்பதில் உள்ள “ஏன்” ஆகியவையும் இதே இனம். வாக்கு தவறியதைச் சுட்டவேண்டுமானால், தேதியை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்: “மார்ச் 14க்குள் முடிவு தெரியவரும் என்று அப்போது குறிப்பிட்டிருந்தீர்கள்.” தேதி கடந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரவேண்டியது கேள்விதான்.

“உடனடியாக”, “அவசரம்” என்பவற்றை, உண்மையில் ஒரு காலக்கெடு இருந்தால் மட்டும், அதுவும் தேதியாக மாற்றி எழுதவேண்டும். கேள்விக்குறிகளை இரண்டு மூன்றாக அடுக்குவதும், பெரிய அழுத்த எழுத்தில் ஒரு வரியை எழுதுவதும் சொல்லால் அதட்டுவதற்குச் சமம்.

இங்கே ஒரு வரியைக் குறித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லும்போது பலர் வியப்படைகிறார்கள். “தங்கள் சாதகமான பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்” என்பது நம் கடிதங்களின் வழக்கமான முடிவு. அது பணிவாகத் தோன்றினாலும், ஒரே ஒரு விதமான பதிலைத்தான் ஏற்பேன் என்று சொல்கிறது. கெஞ்சலும் அதட்டலும் ஒரே வரியில் சந்திப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. “உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்” என்பது போதும். “சாதகமான” என்ற ஒரு சொல்லை எடுத்தாலே வாக்கியத்தின் தோரணை மாறிவிடுகிறது.

விளித்தலையும் கவனியுங்கள். ஆட்சேர்ப்பாளரின் பெயர் முந்தைய அஞ்சல்களில் இருக்கும்போது “ஐயா” என்று தொடங்குவது, அவர் யார் என்று பார்க்கவில்லை என்பதைக் காட்டும். அவர் பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெயரோடு வணக்கம் சொல்லித் தொடங்குங்கள். “தாங்கள்” என்று எழுதினால் கடைசிவரை “தாங்கள்”, “நீங்கள்” என்றால் கடைசிவரை “நீங்கள்” என்று இருக்கட்டும். அவர் உங்களுக்கு “நீங்கள்” என்று எழுதியிருந்தால், நீங்களும் அதையே பயன்படுத்துவதில் மரியாதைக் குறைவு இல்லை.

ஐந்தாம் படி: மீண்டும் எழுதுங்கள்

புதிய அஞ்சலாகத் தொடங்காமல், நேர்காணலுக்கு அழைத்த அஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். பணியின் பெயரும் முந்தைய உரையாடலும் அங்கேயே இருப்பதால், நீங்கள் யார் என்று அவர் தேடவேண்டியிராது. பழைய பொருள் வரியையும் மாற்றவேண்டாம். “அவசரம்” என்றோ “மீண்டும் நினைவூட்டல்” என்றோ அதில் சேர்க்கவும் வேண்டாம். மேலே சொன்னவற்றைக் கழித்துச் சேர்த்தால் நம் வரைவு இவ்வாறு அமைகிறது, அவருடைய பெயர் வணக்கத்தோடு வரும்:

> வணக்கம். மார்ச் 4 அன்று தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கான நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. மார்ச் 14க்குள் முடிவு தெரியவரும் என்று அப்போது குறிப்பிட்டிருந்தீர்கள். தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும், அடுத்த தகவலை எப்போது எதிர்பார்க்கலாம் என்பதையும் தெரிவிக்க இயலுமா?
>
> மாதாந்தர அறிக்கைகளைத் தானியங்கியாக்கும் பணியைப் பற்றி நாம் பேசியதிலிருந்து, இந்தப் பொறுப்பில் என் ஆர்வம் கூடியிருக்கிறது. தேர்வானால் ஒரு வாரத்தில் பணியில் சேர இயலும். குழுவுக்கு என் பணி மாதிரி ஏதேனும் தேவைப்பட்டால் அனுப்பித் தருகிறேன்.
>
> உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இதை அனுப்புவதற்கு முன் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை, எழுதியவராக இல்லாமல், அன்று காலையில் நாற்பது அஞ்சல்களைத் திறந்த ஒருவராகப் படியுங்கள். எது கேள்வி என்பது கண்ணில் பட்டதா? இரண்டாம் முறை, ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமல் அவருக்குக் குறையும் தகவல் எதுவும் இல்லையென்றால், அது நன்றியோ வணக்கமோ ஆக இருந்தாலொழிய, நீக்கிவிடலாம்.

தன்னம்பிக்கையான நடை என்றதும் சிலர் எதிர்த் திசையில் ஓடிவிடுகிறார்கள். “இந்தப் பணிக்கு என்னைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்” என்று எழுதுவது தன்னம்பிக்கை ஆகாது. மற்ற விண்ணப்பதாரர்களை நீங்கள் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார். செய்த வேலையைச் சொல்லுங்கள், ஒப்பீட்டை அவரிடம் விட்டுவிடுங்கள். “நினைக்கிறேன்”, “இருக்கக்கூடும்”, “முடிந்தவரை முயல்கிறேன்” என்று ஒரே வாக்கியத்தில் மூன்று தயக்கங்களை அடுக்காமல் இருந்தாலே உறுதி தானாக வந்துவிடும்.

இடையில் வேறொரு பணிவாய்ப்பு வந்தால்

நம் விண்ணப்பதாரருக்கு மார்ச் 20 அன்று வேறொரு நிறுவனம் பணிவாய்ப்பை அளிக்கிறது, மார்ச் 27க்குள் பதில் சொல்லவேண்டும் என்கிறது. இப்போது முதல் நிறுவனத்துக்கு எழுதவேண்டும். இதுவரை கெஞ்சியவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் திடீரென்று மிரட்டுகிறார்கள். “எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, 25ஆம் தேதிக்குள் முடிவு சொல்லாவிட்டால் அங்கே சேர்ந்துவிடுவேன்” என்று எழுதினால், அதற்கு மிக எளிதான பதில் “வாழ்த்துகள்” என்பதுதான்.

இங்கே காலக்கெடு உண்மையானது, ஆகவே அதைச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். நிபந்தனையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லவேண்டும்:

> எனக்கு வேறொரு பணிவாய்ப்பு வந்துள்ளது, அதற்கு மார்ச் 27க்குள் பதில் தரவேண்டும். உங்கள் நிறுவனத்தின் பணியில் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால், முடிவெடுப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிவிக்க விரும்பினேன். மார்ச் 25க்குள் தேர்வின் நிலையை அறிய வாய்ப்பு உண்டா? அதற்குள் இயலாது என்றால் அதையும் தெரிவித்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

இறுதித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகக் கேட்டிருப்பது தற்செயலன்று. பதில் வந்த பின் யோசிக்கவும், சம்பள விவரம் கேட்கவும் அந்த இடைவெளி வேண்டும். கடைசி வாக்கியம், இல்லை என்று சொல்வதற்கும் அவருக்கு வழி திறந்துவைக்கிறது, அதனால் மௌனம் காப்பதைவிடப் பதில் எழுதுவது அவருக்கு எளிதாகிறது. மேலாளரிடம் இதை அப்படியே அனுப்பி “விரைவாக முடிவு வேண்டும்” என்று கேட்கவும் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. மற்ற நிறுவனத்தின் பெயரையும் சம்பளத்தையும் நீங்களாகச் சொல்லத் தேவையில்லை.

இல்லாத பணிவாய்ப்பை இருப்பதாக எழுதுவதை மட்டும் செய்யவேண்டாம். எங்கே, எவ்வளவு, எழுத்தில் வந்ததா என்று அவர் கேட்டால் பொய்யை வளர்க்கவேண்டியிருக்கும். “எங்களால் அவ்வளவு விரைவில் முடிவெடுக்க இயலாது, அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டால் கையில் எதுவும் இருக்காது.

எப்போது எழுத வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

தேதி சொல்லியிருந்தால், அது கடந்து இரண்டு மூன்று வேலைநாள் விட்டு எழுதுங்கள். தேதியே சொல்லாதிருந்தால், நேர்காணல் முடிந்து ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை பொறுப்பது பொருத்தம். அடுத்த முறை நேர்காணல் முடியும்போதே “முடிவை எப்போது எதிர்பார்க்கலாம், தாமதமானால் உங்களுக்கே எழுதலாமா?” என்று கேட்டுவைத்தால், பின்னால் எழுதும் அஞ்சலுக்கு முன்கூட்டியே அனுமதி கிடைத்துவிடுகிறது. மன்னிப்புக் கேட்கும் எண்ணமும் அதோடு போய்விடும்.

முதல் நினைவூட்டலுக்குப் பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து இன்னொன்று எழுதலாம். முதலாவதை வெட்டி ஒட்டி “முந்தைய அஞ்சலைப் பார்த்தீர்களா?” என்று கேட்பதால் பயனில்லை. சிறிதளவேனும் புதிய தகவல் இருக்கட்டும்: முடித்த ஒரு பயிற்சி, கேட்டிருந்த பணி மாதிரி, மாறிய பணியில் சேரும் தேதி. மூன்றாவது முறை எழுதவேண்டாம். எவ்வளவு நேர்த்தியான சொற்களாக இருந்தாலும், பதில் சொல்ல எதுவும் இல்லாதவரிடமிருந்து அவை பதிலைப் பெற்றுத்தரா. ஆட்சேர்ப்பாளரைத் தாண்டி மேலாளருக்கும், அவரைத் தாண்டி நிறுவனத் தலைவருக்கும் நகல் அனுப்புவது அதட்டலின் உச்சம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு வந்தால், காரணம் கேட்கும் உரிமை இருப்பதாக எண்ணி எழுதாமல், விருப்பமிருந்தால் சொல்லக்கூடிய விதத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் சட்டச் சிக்கலுக்கு அஞ்சிக் கருத்துச் சொல்வதில்லை, ஆகவே பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்:

> முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. நேர்காணலில் நான் மேம்படுத்திக்கொள்ளவேண்டிய ஒரு பகுதியைக் குறிப்பிட இயன்றால் பயனுள்ளதாக இருக்கும். எதிர்காலத்தில் பொருத்தமான பணியிடம் அமைந்தால் தொடர்புகொள்ளுங்கள்.

முதலாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பணியில் சேராமல் போவதும், சேர்ந்த சில வாரங்களில் விலகுவதும் நடப்பதுதான். அப்போது ஆட்சேர்ப்பாளர் புதிய விளம்பரம் கொடுப்பதற்கு முன் பழைய பட்டியலைத்தான் முதலில் திறப்பார், உங்கள் பெயருக்கு அடியில் கடைசியாக இருப்பது இந்த மூன்று வாக்கியங்களாக இருக்கும்.